கெபாசிட்டர் போட்டும் பவர் ஃபேக்டர் ஏறவில்லையா? டாங் டெஸ்டரை மூன்று இடத்தில் வைத்துப் பாருங்கள்

சேலத்திலிருந்து ஆத்தூர் போகிற ரோட்டில் ஒரு சின்ன ஜவ்வரிசி மில். குச்சிக்கிழங்கு அரைக்கிற மெஷினுக்கு 10 ஹெச்பி மோட்டார், கிழங்குப் பால் ஏற்ற ஒரு பம்பு, சல்லடைக்கு ஒன்று, போர்வெல்லுக்கு ஒன்று. மில்காரர் போன் பண்ணி, "தம்பி, பவர் ஃபேக்டர் கம்மின்னு ஈபி போடற அபராதம் கெபாசிட்டர் போட்டா போயிடும்னாங்க, போட்டு மூணு மாசம் ஆச்சு, பில்லுல பவர் ஃபேக்டர் 0.70 இருந்தது 0.83-க்கு வந்து அப்படியே நின்னுடுச்சு, இன்னொரு கெபாசிட்டர் வாங்கட்டுமா?" என்றார். "வாங்காதீங்கண்ணா, நான் வந்து பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். இந்த மாதிரி போன் எனக்கு அடிக்கடி வரும், அதில் பாதிக்கு மேல் புது கெபாசிட்டர் தேவையே இருக்காது, ஏற்கெனவே இருப்பது சரியாக வேலை செய்யாததுதான் கோளாறாக இருக்கும். அதனால் அறிகுறி அறிகுறியாக, நான் எப்படிப் பார்ப்பேனோ அந்த வரிசையில் எழுதுகிறேன்.

முதலில் பேனலில் மூன்று இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஈபி மீட்டரிலிருந்து வரும் மெயின் வயர். இரண்டு, கெபாசிட்டருக்கு மட்டும் போகும் வயர். மூன்று, மோட்டார்களுக்குப் போகும் வயர். வயரைக் கழற்றாமல் சுற்றிக் கோர்த்து ஆம்ப்ஸ் காட்டுகிற டாங் டெஸ்டரால் மூன்று இடத்திலும் மூன்று பேஸிலும் எடுத்தால் ஒன்பது எண். பவர் ஃபேக்டர் மீட்டர் 0.83 என்று சொல்லும், ஏன் 0.83 என்று சொல்லாது. இந்த ஒன்பது எண் சொல்லும்.

கணக்கு எப்படி இருந்திருக்க வேண்டும்

எல்லா மோட்டாரும் ஓடும்போது, கெபாசிட்டரை ஆஃப் பண்ணிவிட்டு மெயினில் பார்த்தேன். 415 வோல்ட், 20.5 ஆம்ப்ஸ், பவர் ஃபேக்டர் 0.70. இதிலிருந்து மூன்று திறனும் வந்துவிடும்.

```
S  = 1.732 × 415 × 20.5  = 14.7 kVA
P  = 14.7 × 0.70         = 10.3 kW
Q  = √(14.7² − 10.3²)    = 10.5 kVAr
```

P என்பது உண்மைத் திறன், கிழங்கை அரைப்பதும் தண்ணீரை ஏற்றுவதும் வயர் சூடாவதும் எல்லாம் இதில் அடங்கும், மீட்டரில் யூனிட்டாக ஓடுவதும் இதுதான். Q என்பது எதிர்வினைத் திறன். மோட்டாருக்குள் இருக்கும் காயில் காந்தத்தை உண்டாக்க ஆற்றலை வாங்குகிறது, கால் சுழற்சி கழித்து அதையே திருப்பிக் கொடுத்துவிடுகிறது, மறுபடி வாங்குகிறது. ஒரு பேஸை மட்டும் எடுத்துப் பார்த்தால் நொடிக்கு 100 முறை இந்தப் போக்குவரத்து நடக்கிறது. தேய்ந்து போவது எதுவும் இல்லை, ஆனால் போகும்போதும் வரும்போதும் வயரில் கரண்ட் ஓடித்தான் ஆக வேண்டும். இரண்டும் சேர்ந்து வயரும் டிரான்ஸ்ஃபார்மரும் சுமக்கிற மொத்தம்தான் S, தோற்றத் திறன். P-யை S-ஆல் வகுத்தால் வருவதுதான் பவர் ஃபேக்டர். P-யையும் Q-வையும் நேராகக் கூட்ட முடியாது, செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கம் மாதிரி வர்க்கம் எடுத்துத்தான் கூட்ட வேண்டும்.

கெபாசிட்டரும் இதே போல ஆற்றலை வாங்கித் திருப்பிக் கொடுப்பதுதான், ஆனால் முறை தலைகீழ். காயில் வாங்குகிற நேரத்தில் இது கொடுக்கும், காயில் கொடுக்கிற நேரத்தில் இது வாங்கும். அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவை தங்களுக்குள்ளேயே கொடுத்து வாங்கிக்கொள்ளும், ஈபி வரைக்கும் போய் வர வேண்டியதில்லை. பவர் ஃபேக்டர் திருத்தம் என்பது இவ்வளவுதான். மோட்டாரில் R-உம் L-உம் ஏற்கெனவே இருக்கிறது, நாம் குறுக்கே C-யைச் சேர்க்கிறோம், L கேட்கிற Q-விலிருந்து C கொடுக்கிற Q கழிந்துபோகிறது.

0.95-க்குக் கொண்டுவர எவ்வளவு வேண்டும்? 0.95-இல் மிச்சம் இருக்க வேண்டிய Q, 10.3 கிலோவாட்டுக்கு 3.4 கேவிஏஆர். இருப்பது 10.5. ஆக 7.1 கேவிஏஆர் கழிய வேண்டும். மில்லில் மாட்டியிருந்தது 8 கேவிஏஆர், 440 வோல்ட் என்று எழுதிய டப்பா. அதிகமாகத் தெரிகிறதே என்று நினைக்க வேண்டாம். கெபாசிட்டர் தரும் கேவிஏஆர் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 440-இல் 8 என்றால் 415-இல் 89 சதவீதம்தான், அதாவது 7.1. போட்டவர் சரியான டப்பாவைத்தான் போட்டிருக்கிறார். மாறாக "7 வேணும்" என்று கேட்டு 440 வோல்ட்டுக்கு எழுதிய 7-ஐ வாங்கினால் கையில் வருவது 6.2-தான், இந்தத் தப்பு நிறைய இடத்தில் பார்க்கிறேன்.

இந்த டப்பா நல்லபடி இருந்தால் அதன் மூன்று வயரிலும் தலா 9.9 ஆம்ப்ஸ் போக வேண்டும், மெயினில் 20.5 இருந்தது 15.1-க்கு இறங்க வேண்டும். 20.5-இல் 9.9 கழித்தால் 10.6 வருமே என்று மில்காரரின் மகன் கேட்டார், நல்ல கேள்வி. 20.5 ஆம்ப்ஸில் வேலை செய்கிற பங்கு 14.35, போய் வருகிற பங்கு 14.64. கெபாசிட்டரின் 9.9 அந்த 14.64-இலிருந்து மட்டும்தான் கழியும், 14.35-ஐத் தொடாது. மிச்சம் 4.74-ஐயும் 14.35-ஐயும் முக்கோணமாகக் கூட்டினால் 15.1.

அறிகுறி 1: கொஞ்சம் ஏறி நின்றுவிட்டது

இப்போது கெபாசிட்டரை ஆன் பண்ணி, அதன் வயர்களில் டாங் டெஸ்டரை ஒவ்வொன்றாகக் கோர்த்தேன். ஒவ்வொரு வயரையும் தனித்தனியாகக் கோர்க்க வேண்டும், மூன்றையும் சேர்த்துக் கோர்த்தால் பூஜ்யம்தான் காட்டும். ஆர் பேஸ் 0. ஒய் 8.6. பி 8.6.

இந்த எண்களைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிடும். டப்பாவுக்குள் மூன்று கெபாசிட்டர் டெல்டாவாக இருக்கிறது. ஒரு பேஸ் வயர் வராவிட்டால் ஒய்-பி நடுவில் இருப்பது முழு வோல்டேஜில் ஓடும், மற்ற இரண்டும் தொடரிணைப்பாகி அதே இரண்டு வயருக்குக் குறுக்கே வந்துவிடும். அப்போது கரண்ட் 9.9-க்குப் பதில் 8.6, மூன்றாவது வயரில் ஒன்றும் இல்லை. கிடைக்கும் கேவிஏஆர் 7.1-இல் சரிபாதி, 3.6. அதைக் கணக்கில் போட்டால் பவர் ஃபேக்டர் 0.83. பில்லில் வந்த அதே எண்.

ப்யூஸ் கேரியரை உருவினேன், ஆர் பேஸ் ப்யூஸ் போயிருந்தது. அதில் இருந்தது 10 ஆம்ப்ஸ். 9.9 போகிற இடத்துக்கு 10 போதும் என்று யாரோ நினைத்திருக்கிறார். கெபாசிட்டரை ஆன் பண்ணுகிற கணத்தில் அது காலிப் பாத்திரம், ஷார்ட் மாதிரி இழுக்கும், ஒரு நொடிக்கும் மிகக் குறைவான நேரம்தான் என்றாலும் 10 ஆம்ப்ஸ் ப்யூஸ் அதைத் தினம் தினம் தாங்காது. கெபாசிட்டர் ப்யூஸை டப்பாவில் எழுதிய கரண்ட்டைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வைப்பது வழக்கம். இந்த டப்பாவுக்கு 440-இல் 10.5 ஆம்ப்ஸ், ஆகவே மூன்றுக்கும் 20 ஆம்ப்ஸ் ஹெச்ஆர்சி ப்யூஸ் போட்டேன், வயரும் மெல்லிசாக இருந்ததால் 4 ஸ்கொயர் எம்எம் காப்பராக மாற்றினேன். ஆன் பண்ணினால் 9.9, 9.9, 9.8. மெயினில் 15.1. பவர் ஃபேக்டர் 0.95. செலவு மூன்று ப்யூஸும் கொஞ்சம் வயரும்தான்.

உங்கள் பேனலில் வேறு மாதிரி எண் வரலாம். இரண்டு வயரில் 5.7, ஒன்றில் 9.9 என்று வந்தால் ப்யூஸ் நன்றாக இருக்கிறது, டப்பாவுக்குள் ஒரு கெபாசிட்டர் திறந்துவிட்டது, டப்பாவை மாற்ற வேண்டியதுதான். மூன்றும் சமமாக, ஆனால் 9.9-க்குப் பதில் 6 அல்லது 7 என்று வந்தால் டப்பா தேய்ந்துவிட்டது. இப்போது வருகிற கெபாசிட்டர்களில் பிளாஸ்டிக் படலத்தின் மேல் மெல்லிய உலோகப் பூச்சு இருக்கிறது, எங்காவது ஓட்டை விழுந்தால் அந்த இடத்துப் பூச்சு தானே ஆவியாகி ஓட்டையை ஒதுக்கிக்கொள்ளும். நல்ல குணம்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பரப்பு போகிறது, சூட்டிலும் ஓவர் வோல்டேஜிலும் வேகமாகப் போகிறது. கடைசியாக மூன்றும் பூஜ்யம் என்றால் கான்டாக்டர் இழுக்கவில்லை, அல்லது சுவிட்சே ஆஃபில் இருக்கிறது. சிரிக்காதீர்கள், பேனலைத் துடைத்தவர் ஆஃப் பண்ணி வைத்துவிட்டு மறந்ததை இரண்டு இடத்தில் பார்த்திருக்கிறேன்.

சந்தேகம் தீரவில்லை என்றால் கழற்றி அளக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சத்தமாகவே சொல்கிறேன்: ஆஃப் பண்ணிய கெபாசிட்டர் செத்த கெபாசிட்டர் இல்லை. உச்சத்தில் ஆஃப் ஆகியிருந்தால் உள்ளே 587 வோல்ட் வரை டிசி நிற்கலாம். டெர்மினலில் டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் இருக்கும், அது நல்லபடி இருந்தால் சில நிமிடத்தில் வடிந்துவிடும், ஆனால் அது எரிந்து போயிருந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்? ஐந்து நிமிடம் விடுங்கள், பிறகு டிசி வோல்ட் ரேஞ்சில் மூன்று ஜோடியையும் பாருங்கள், மிச்சம் இருந்தால் இரண்டு குண்டு பல்பைத் தொடராகக் கட்டி அதன் வழியாக வடிய விடுங்கள். ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஷார்ட் பண்ணுவது வேண்டாம், டெர்மினலும் கெடும், முகத்திலும் தெறிக்கும்.

வடிந்தபின் எல்லா வயரையும் கழற்றிவிட்டு, டிஸ்சார்ஜ் ரெசிஸ்டரையும் எடுத்துவிட்டு மைக்ரோஃபாரட் மீட்டரை இரண்டு டெர்மினலுக்கு நடுவில் வையுங்கள். இந்த 8 கேவிஏஆர் டப்பாவில் ஒவ்வொரு கையும் 44 மைக்ரோஃபாரட். ஆனால் மீட்டர் 66 காட்டும், ஏனென்றால் நேராக ஒன்றும், மற்ற இரண்டு தொடராக அரைப் பங்கும் சேர்ந்து ஒன்றரை மடங்கு தெரிகிறது. மூன்று ஜோடியிலும் 66 என்றால் டப்பா புதுசு மாதிரி. 22, 44, 44 என்றால் 22 காட்டிய ஜோடிக்கு நடுவில் இருப்பது போய்விட்டது. மூன்றும் 45 என்றால் மொத்தமாகத் தேய்ந்துவிட்டது. 66-ஐ எதிர்பார்க்காமல் 44-ஐ எதிர்பார்த்து, 45 வந்ததும் "நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பி மாட்டியவர்கள் உண்டு.

அறிகுறி 2: கெபாசிட்டர் போட்டேன், மோட்டார் ஆம்ப்ஸ் குறையவே இல்லை

குறையாது. குறையவும் கூடாது. மோட்டார் வயரில் டாங் டெஸ்டரை வைத்துவிட்டு "ஏமாத்திட்டாங்க" என்று கோபப்படுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது, அளவு எடுத்த இடம் தப்பு. மோட்டாருக்குக் காந்தம் வேண்டும், அதற்கான கரண்ட் அதன் வயரில் முன்னால் போலவே போகும். மாறுவது எங்கிருந்து வருகிறது என்பதுதான். முன்னால் ஈபியிலிருந்து வந்தது, இப்போது பக்கத்து கெபாசிட்டரிலிருந்து வருகிறது. ஆகவே கெபாசிட்டர் சேர்ந்த இடத்துக்கு முன்னால், மெயின் பக்கத்தில் மட்டும்தான் ஆம்ப்ஸ் குறையும்.

இதோடு ஒட்டியதுதான் அடுத்த கேள்வி, "யூனிட் குறையலையே?" யூனிட் என்பது P. அது 10.3 கிலோவாட், கெபாசிட்டர் போட்ட பிறகும் 10.3-தான். மீட்டருக்கும் கெபாசிட்டருக்கும் நடுவில் உள்ள வயரின் சூடு குறைகிறது, 20.5 ஆம்ப்ஸ் 15.1 ஆனால் அந்தச் சூடு பாதிக்குக் கொஞ்சம் மேல் என்ற அளவுக்கு இறங்கும், ஆனால் அந்த வயர் சில மீட்டர்தான் இருந்தால் அது பில்லில் தெரிகிற அளவு வராது. லாபம் அபராதம் போவதிலும், கேபிளிலும் மெயின் சுவிட்சிலும் இடம் கிடைப்பதிலும்தான். வீட்டில் பிளக்கில் சொருகினால் பில் குறையும் என்று சந்தைகளில் விற்கிற டப்பாவுக்குள் இருப்பதும் பெரும்பாலும் ஒரு சின்ன கெபாசிட்டர்தான். வீட்டு மீட்டர் யூனிட்டை மட்டும் எண்ணுகிறது, பிறகு எப்படிக் குறையும்? காசைக் கொடுக்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைக் கவனிக்காவிட்டால் மோட்டார் எரியும். கெபாசிட்டரை ஸ்டார்ட்டருக்கு அப்பால், ஓவர்லோட் ரிலேக்கும் மோட்டாருக்கும் நடுவில் கட்டியிருந்தால் ரிலே வழியாகப் போகும் கரண்ட் குறைந்துவிடும். மோட்டார் 14 ஆம்ப்ஸ் இழுக்கிறது, ரிலே 11.5-தான் பார்க்கிறது என்றால், ரிலேயை 14-லேயே விட்டுவைத்தால் மோட்டார் ஓவர்லோடு ஆனாலும் அது சும்மா இருக்கும். கெபாசிட்டரை ஆன் பண்ணி, முழு லோடில், ரிலேக்கு மேல் உள்ள வயரில் ஆம்ப்ஸ் எடுத்து, அதற்குத் தக்கபடி செட்டிங்கைக் கீழே இறக்குங்கள். கிழங்கு மெஷினில் கல்லோ வேர்க்கட்டையோ மாட்டிக்கொள்கிற தொழிலில் இது சாதாரண விஷயம் இல்லை.

அறிகுறி 3: ராத்திரி மெயின் ஆம்ப்ஸ் ஏறுகிறது

இந்த மில்லில் ப்யூஸ் போட்ட அன்றைக்கே நான் எதிர்பார்த்தது இது. சாயங்காலம் எல்லாம் நின்றுவிடும், போர் மோட்டார் மட்டும் ஓடும். அது 1.5 கிலோவாட், 1.6 கேவிஏஆர், கெபாசிட்டர் இல்லாமல் மெயினில் 3 ஆம்ப்ஸ். கெபாசிட்டர் ஆனில் இருந்தால் 1.6 கேட்கிற இடத்தில் 7.1 கொடுக்கிறோம், மிச்சம் 5.5 ஈபி பக்கமாகத் திரும்பிப் போய் வரும். மெயினில் 8 ஆம்ப்ஸ், பவர் ஃபேக்டர் 0.26, லீடிங், அதாவது கெபாசிட்டர் பக்கம் சாய்ந்தது. திருத்தப் போட்டதே திருத்தம் கேட்கிறது.

கண்டுபிடிக்கிற வழி எளிது. கெபாசிட்டரை ஆஃப் பண்ணினால் மெயின் ஆம்ப்ஸ் ஏறினால் அது தேவைப்படுகிறது, இறங்கினால் அதிகமாக இருக்கிறது. மீட்டர் லீடிங்கை எப்படி எண்ணுகிறது என்பது அதன் செட்டிங்கைப் பொறுத்தது. மோட்டார் பக்கச் சாய்வான லேக்கை மட்டும் எண்ணுவது லீடிங்கை 1.00 என்று எடுத்துக்கொள்ளும், லேக்கும் லீடும் எண்ணுவது கேவிஏ மணியில் அதையும் சேர்த்துவிடும், அப்போது ராத்திரி ஓடியது பகலில் சம்பாதித்ததைச் சாப்பிட்டுவிடும். எப்படி எண்ணினாலும், லோடு இல்லாத நேரத்தில் கெபாசிட்டர் வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றவும் செய்யும், ராத்திரி ஈபி வோல்டேஜே ஏறித்தான் இருக்கும்.

இங்கே நான் பண்ணியது, கெபாசிட்டர் கான்டாக்டரின் காயிலை கிழங்கு மெஷின் ஸ்டார்ட்டரின் துணை காண்டாக்ட் வழியாக எடுத்தேன். மெஷின் ஓடினால் கெபாசிட்டர், நின்றால் இல்லை. ஸ்டார்ட்டர் ஸ்டார்-டெல்டா என்பதால் டெல்டாவுக்கு வந்த பிறகு இழுக்கிற மாதிரியும், ஆஃப் ஆனால் வடிவதற்கான சில நிமிடம் கழித்துத்தான் மறுபடி இழுக்க வேண்டும் என்று ஒரு டைமரும் வைத்தேன். வடியாத கெபாசிட்டரில் மறுபடி கரண்ட் விட்டால், உள்ளே நிற்கும் வோல்டேஜும் வெளியே வரும் வோல்டேஜும் எதிரெதிராக இருக்கும் கணத்தில் சேர்ந்து, சாதாரண கான்டாக்டரின் முனை ஒட்டிக்கொள்ளும். கெபாசிட்டருக்கு என்றே சின்ன ரெசிஸ்டர் வயர் வெளியே தெரிகிற கான்டாக்டர் வருகிறது, அதைப் போடுங்கள்.

தானாகக் கூட்டிக் குறைக்கிற பேனல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: எல்லா ஸ்டெப்பும் உள்ளே போய்விட்டது, ஆனால் டிஸ்ப்ளேயில் `PF` அசையவில்லை என்றால் கரண்ட்டை அளந்து ரிலேக்குச் சொல்கிற சிடி தப்பான இடத்தில் இருக்கிறது. லோடும் கெபாசிட்டரும் சேர்ந்து வருகிற மெயினில் சிடி இருக்க வேண்டும், கெபாசிட்டர் பிரிந்த இடத்துக்கு அப்பால் லோடு பக்கம் மாட்டினால் ரிலே தான் செய்த திருத்தத்தைப் பார்க்கவே முடியாது, போட்டுக்கொண்டே இருக்கும்.

அறிகுறி 4: டப்பா உப்புகிறது, சுடுகிறது, சரியான ப்யூஸும் போகிறது

நல்ல கெபாசிட்டர் லேசான வெதுவெதுப்போடுதான் இருக்கும். கை வைக்க முடியாத சூடு, மேல் மூடி உப்பல், எண்ணெய்க் கசிவு என்றால் முதலில் ஆஃப் பண்ணுங்கள், அளப்பதெல்லாம் அப்புறம்.

காரணம் இரண்டு திசையில் தேட வேண்டும். ஒன்று வோல்டேஜ். டப்பாவில் எழுதியதைவிட 10 சதவீதம் அதிகத்தை நாளில் 8 மணி நேரம் வரை தாங்கும்படிதான் செய்கிறார்கள். 415 என்று எழுதிய டப்பாவை, ராத்திரி 450 தொடுகிற லைனில் விட்டுவைத்தால் சீக்கிரம் போகும், 440 அல்லது 480 வோல்ட் டப்பா வாங்குங்கள், கேவிஏஆரை வர்க்கக் கணக்கில் திருத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று ஹார்மோனிக்ஸ். மில்லில் யாராவது மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற விஎஃப்டி டிரைவ் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். டிரைவ் 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டோடு ஐந்தாம் மடங்கு 250, ஏழாம் மடங்கு 350 ஹெர்ட்ஸையும் லைனில் தள்ளும். அதிர்வெண் ஏற ஏற கெபாசிட்டர் இன்னும் எளிதாக வழி விடும், ஆகவே அந்தக் குப்பை எல்லாம் அதற்குள் பாயும். கண்டுபிடிக்க ட்ரூ ஆர்எம்எஸ் டாங் டெஸ்டர் வேண்டும், மலிவான டெஸ்டர் இதைக் குறைத்துக் காட்டும். நம் டப்பாவில் 9.9 வர வேண்டிய இடத்தில், வோல்டேஜ் சரியாக 415 இருக்கும்போதே, மூன்றிலும் 13-க்கு மேல் வந்தால் ஹார்மோனிக்ஸ்தான். டப்பாவின் கரண்ட்டைப் போல 1.3 மடங்குதான் எல்லை, இதற்கு 13.6 ஆம்ப்ஸ்.

மோசமாவது, கெபாசிட்டரும் டிரான்ஸ்ஃபார்மரின் இண்டக்டன்ஸும் சேர்ந்து அதே அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு ஆகும்போது. ஒரு கணக்கு:

```
h = √(Ssc / Qc)
```

h என்பது 50 ஹெர்ட்ஸைப் போல எத்தனையாவது மடங்கில் ஒத்ததிர்வு வரும் என்பது, Ssc டிரான்ஸ்ஃபார்மரின் ஷார்ட் சர்க்யூட் கேவிஏ, Qc கெபாசிட்டரின் கேவிஏஆர். 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், 4 சதவீத இம்பிடன்ஸ் என்றால் Ssc 2500 கேவிஏ. நம் 7.1 கேவிஏஆருக்கு h கிட்டத்தட்ட 19, ஐந்துக்கும் ஏழுக்கும் தூரம், பயமில்லை. ஆனால் அதே டிரான்ஸ்ஃபார்மரில் 50 கேவிஏஆர் பேங்க் போட்டால் h 7.07, ஏழாம் மடங்கின் மேலேயே உட்கார்ந்துவிடும். அந்த மாதிரி இடத்தில் கெபாசிட்டரைப் பெரிதாக்குவது தீர்வு இல்லை, 7 சதவீத ரியாக்டரைத் தொடராகப் போட வேண்டும், அது சேர்ந்தால் ஒத்ததிர்வு 189 ஹெர்ட்ஸுக்கு இறங்கி 250-க்குக் கீழே போய்விடும். ரியாக்டர் போட்டதும் கெபாசிட்டரின் மேல் 415-க்குப் பதில் 446 வோல்ட் வரும், 440 டப்பாவை அங்கே போடாதீர்கள்.

இன்னொன்று. டிரைவ் மட்டுமே லோடாக இருந்தால் அதன் பவர் ஃபேக்டர் குறைவது பெரும்பாலும் அலை நெளிந்திருப்பதால், காந்தத்தால் இல்லை. அதைக் கெபாசிட்டர் திருத்தாது, டிரைவுக்குச் சோக்கோ ஃபில்டரோதான் வேண்டும்.

அறிகுறி 5: மோட்டாரை ஆஃப் பண்ணியும் இண்டிகேட்டர் எரிகிறது

மோட்டார் டெர்மினலிலேயே நேராக கெபாசிட்டர் கட்டிய இடங்களில் இது வரும். ஸ்டார்ட்டர் விழுந்துவிட்டது, மோட்டார் கனமான சக்கரத்தோடு இன்னும் சுற்றுகிறது, இண்டிகேட்டர் அணையாமல், சில சமயம் முன்னைவிட அதிகமாக எரிகிறது. கெபாசிட்டர் காந்தத்துக்கான கரண்ட்டை இன்னும் கொடுத்துக்கொண்டிருப்பதால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வோல்டேஜ் லைனைவிட ஏறிவிட்டது. வைண்டிங்கும் போகும், கெபாசிட்டரும் போகும்.

இதற்கு ஒரு எல்லை உண்டு. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கெபாசிட்டர் இல்லாமல் மோட்டாரைச் சும்மா ஓடவிட்டு ஆம்ப்ஸ் எடுங்கள். கெபாசிட்டர் கரண்ட் அதில் 90 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்த மில்லின் 10 ஹெச்பி மோட்டார் சும்மா ஓடும்போது 6 ஆம்ப்ஸ், ஆகவே கெபாசிட்டருக்கு 5.4 வரை. 440-இல் 4 கேவிஏஆர் டப்பா 415-இல் 5 ஆம்ப்ஸ் எடுக்கும், அது சரி. 5 கேவிஏஆர் என்றால் 6.2, அதிகம். 8-ஐ இந்த ஒரு மோட்டாரின் டெர்மினலில் கட்டவே கூடாது, அதனால்தான் அது தனி கான்டாக்டரோடு மெயின் பஸ்பாரில் நிற்கிறது.

அடுத்த பில் வந்ததும் மில்காரர் போன் பண்ணினார். பவர் ஃபேக்டர் 0.94, அபராத வரியில் பூஜ்யம். "யூனிட் மட்டும் அதேதான் வந்திருக்கு தம்பி" என்றார். "அது கிழங்கு அரைச்சதுக்குங்கண்ணா" என்றேன்.